வெள்ளிக்கிழமை கொடுப்பேன்

2025 மே 20, செவ்வாய்க்கிழமை. கத்திரி முடிய இன்னும் ஒரு வாரம் பாக்கி இருந்தது. ராயப்பேட்டையில் எங்கள் பதிப்பக அலுவலகத்தின் மாடி அறையில் மதியம் இரண்டு மணிக்கு மின்விசிறி சுற்றினால் சூடான காற்றுதான் சுற்றும். அந்த நேரத்தில் கணக்குப் பிரிவில் இருக்கும் பெண் என் மேசைக்கு வந்தாள். நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது, நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னேன். "அக்கா, ஒப்படைப்பு மடல் எழுதியிருக்கிறேன். எல்லாருக்கும் அனுப்புவதற்கு முன் நீங்கள் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பிழை இருந்தால் ஐயா திட்டுவார்" என்றாள். ஐயா என்பது எங்கள் முதலாளி. சம்பளம் தாமதமானால் சிரித்துக்கொண்டே சமாதானம் சொல்லும் அவர், ஒற்றுப்பிழையைக் கண்டால் அலுவலகமே அதிரும்படி கத்துவார்.

ஜூன் 2 திங்கள் முதல் அவளுக்கு மகப்பேறு விடுப்பு. சட்டப்படி 26 வாரம். அவள் இடத்தைப் பார்த்துக்கொள்ளப் போகிறவன் எங்களிடம் சேர்ந்து நான்கு மாதமே ஆன ஒரு தம்பி. கெட்டிக்காரன், ஆனால் எதையும் எழுதியிருக்கிறபடியே செய்கிறவன். இந்த இரண்டாவது குணம் எவ்வளவு பெரிய வரம் என்று எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

நான் பதினேழு வருடமாக மெய்ப்பு பார்க்கிறேன். நாவல், கட்டுரைத் தொகுப்பு, சமையல் குறிப்பு, ஒரு முறை ஒரு கோயில் கும்பாபிஷேக மலர். ஒரு மின்னஞ்சலுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? இருபது நிமிடத்தில் முடித்தேன். ஒற்றுகளைச் சேர்த்தேன், ஒருமை பன்மை பார்த்தேன், அதோடு காலத்தையும் ஒழுங்குபடுத்தினேன். அவள் ஒரு வரியில் நிகழ்காலம், அடுத்த வரியில் எதிர்காலம் என்று கலந்து எழுதியிருந்தாள். விடுப்பு இனிமேல்தானே வரப்போகிறது, ஆகவே எல்லாம் எதிர்காலத்தில் இருக்கட்டும் என்று 'கொடுக்கிறேன்' என்பதையெல்லாம் 'கொடுப்பேன்' ஆக்கினேன். மடல் ஒரே சீராக, இஸ்திரி போட்ட சட்டை மாதிரி ஆகிவிட்டது. அன்று மாலையே அவள் அதை எல்லாருக்கும் அனுப்பினாள்.

அந்த மடலை நான் கெடுத்துவிட்டேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு முன்னுரை.

தம்பியின் கேள்வி

மறுநாள் காலை தம்பி மடலை அச்செடுத்துக்கொண்டு வந்து நின்றான். மூன்று இடங்களில் பென்சிலால் கோடு போட்டிருந்தான். "அக்கா, நீங்கள்தான் திருத்தினீர்கள் என்று சொன்னார்கள். ஒரு சந்தேகம். அச்சகத்துக்கு வெள்ளிக்கிழமை 40,000 ரூபாய் கொடுப்பேன் என்று இருக்கிறது. வெள்ளிதோறும் நாற்பதாயிரமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. எந்தப் பதிப்பகம் வாரா வாரம் அச்சகத்துக்கு நாற்பதாயிரம் கொடுக்கிறது? அப்படிக் கொடுத்தால் எங்கள் அச்சகக்காரர் எங்களுக்குக் கோயில் கட்டியிருப்பார். ஆனால் அவன் விரலை நகர்த்தி அடுத்த வரியைக் காட்டினான். 'கூரியர்காரருக்குச் சனிக்கிழமை பணம் கொடுப்பேன்.' அது சனிக்கிழமைதோறும் நடப்பதுதான். வாரம் முழுக்கப் போன பார்சல்களின் ரசீதைச் சேர்த்து அவர் சனிக்கிழமை வருவார், பணம் வாங்கிக்கொண்டு போவார். இரண்டு வரிகளும் ஒரே வார்ப்பில் இருந்தன. கிழமை, தொகை, 'கொடுப்பேன்'. ஒன்று ஒரே ஒரு வெள்ளிக்கிழமையைப் பற்றியது, மற்றது எல்லாச் சனிக்கிழமைகளையும் பற்றியது. நாலு மாதம் முன்பு வந்த பையனுக்கு எது எது என்று எப்படித் தெரியும்?

சிரிப்பு நின்றுவிட்டது. அவளுடைய மூல வரைவைத் திறந்து பார்த்தேன். அதில் 'அச்சகத்துக்கு வெள்ளிக்கிழமை கொடுக்கிறேன்' என்றும், 'கூரியர்காரருக்குச் சனிக்கிழமை கொடுப்பேன்' என்றும் இருந்தது. அவள் கலந்து எழுதியதாக நான் நினைத்தது கலப்பே இல்லை. ஒரு தடவை செய்யப்போவதை அவள் நிகழ்காலத்தில் சொல்லியிருந்தாள், 'நாளைக்கு ஊருக்குப் போகிறேன்' என்று நாம் எல்லாரும் சொல்வது போல. வழக்கமாகச் செய்வதை எதிர்காலத்தில் சொல்லியிருந்தாள். இலக்கணம் யோசித்து எழுதியிருக்க மாட்டாள். வாயில் வருவது அப்படியே விரலில் வந்திருக்கிறது. அந்த வேறுபாட்டைத்தான் நான் சீர்ப்படுத்துகிறேன் என்று துடைத்து எடுத்திருந்தேன்.

பள்ளியில் இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று மூன்று கட்டம் போட்டுக் கொடுத்தார்கள். 'வந்தான், வருகிறான், வருவான்.' கட்டம் மூன்றும் சுத்தமாக இருந்ததால், 'வருவான்' என்றால் நாளைக்குத்தான் என்று மனதில் பதிந்துவிட்டது. ஆனால் தினசரி அந்த வடிவத்தை நாம் வழக்கத்துக்குத்தான் அதிகம் பயன்படுத்துகிறோம். 'பால்காரர் ஐந்து மணிக்கு வருவார்' என்றால் நாளை மட்டும் வருவார் என்றா பொருள்? 'எங்கள் தாத்தா மெரினாவுக்கு நடந்தே போவார்' என்றால் தாத்தா காலமாகி இருபது வருடம் ஆகியிருக்கலாம். எதிர்கால வினைமுற்றை வைத்துக்கொண்டு நாம் செத்துப்போனவரின் பழக்கத்தையும் சொல்கிறோம், நாளை மறுநாள் வரும் விருந்தாளியையும் சொல்கிறோம். பேச்சில் குழப்பம் வருவதில்லை, ஏனென்றால் கேட்கிறவருக்குத் தாத்தாவையும் தெரியும் பால்காரரையும் தெரியும். ஒப்படைப்பு மடலைப் படிக்கிறவருக்கு இரண்டு பேரையும் தெரியாது. தெரியாததால்தான் மடலே எழுதுகிறோம்.

நன்னூலில் இதற்கு இடம் உண்டு. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்ற நான்கு காரணங்களால் மூன்று காலங்களும் ஒன்றுக்கொன்று மாறி வரலாம் என்று ஒரு நூற்பா அனுமதி கொடுக்கிறது. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினால், பெய்யாத மழையை 'மழை பெய்தது' என்று சொல்லலாம் என்பது உரைகாரர் காட்டும் எடுத்துக்காட்டு. அது தெளிவு பற்றியது. வருவதற்கு முன்பே 'இதோ வந்துவிட்டேன்' என்று நாம் தொலைபேசியில் சொல்வது விரைவு. சென்னையில் பஸ் இன்னும் கிண்டியைத் தாண்டியிருக்காது, ஆனால் 'வந்துவிட்டேன்'. இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். தெரிந்தும், ஒரு பெண் எழுதிய மடலில் காலம் மாறி வந்திருப்பதைப் பார்த்ததும் அதற்கொரு காரணம் இருக்குமா என்று யோசிக்காமல் சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.

அடுத்த மாதம் எந்த மாதம்

தம்பியின் இரண்டாவது கோடு இந்த வரியின் கீழ் இருந்தது: 'மே மாத டி.டி.எஸ். அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்டுவோம்.' எழுத்தாளர்களுக்கும் அச்சகத்துக்கும் கொடுக்கும் தொகையில் நாங்கள் பிடிக்கிற வரி அது. மார்ச் தவிர எந்த மாதம் பிடித்ததையும் மறுமாதம் 7-ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும். தவறினால் மாதத்துக்கு ஒன்றரை சதவீதம் வட்டி, அதுவும் பிடித்த நாளிலிருந்து. மாதத்தின் ஒரு துண்டும் முழு மாதமாகவே எண்ணப்படும்.

"இதை ஜூன் மாதம் திறந்து பார்த்தால் அடுத்த மாதம் என்பது ஜூலைதானே அக்கா?" என்றான். மே மாதம் என்று அதிலேயே இருக்கிறதே, யோசித்தால் தெரியாதா என்று கேட்க வாயெடுத்தேன். அவன் தொடர்ந்தான். "சரி, மே மாதத்துடையதை ஜூனில் கட்டிவிடுகிறேன். பிறகு ஜூன் மாதத்துடையது?" மடலில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. இந்த வரியில் 'கட்டுவோம்' என்பது வழக்கமா, ஒரு தடவையா என்ற அதே பழைய கேள்வி வேறு வேடத்தில் வந்து நின்றது. எழுதியவள் மனதில் அது மாதாமாதம் நடப்பது. எழுதும்போது கண் முன்னால் இருந்தது மே மாதம் மட்டும்.

கடிதத்துக்கு இரண்டு 'இன்று' உண்டு. எழுதுகிறவருடைய இன்று ஒன்று, படிக்கிறவருடைய இன்று ஒன்று. அக்காலத்தில் ஊருக்குக் கடிதம் எழுதும்போது மேலே வலது மூலையில் தேதி போடச் சொல்லித் தந்தது இதற்காகத்தான். மின்னஞ்சலில் தேதி தானாகவே விழுந்துவிடுவதால் நாம் அதைப் பார்ப்பதே இல்லை. அதோடு ஒப்படைப்பு மடலை ஒரு நாளில் படித்து முடிப்பதில்லை. ஆறு மாதம் முழுக்க, ஏதாவது ஒரு கூரியர் ரசீதோ வரி நோட்டீஸோ வரும்போதெல்லாம் தேடித் திறப்பார்கள். அதில் உள்ள ஒவ்வொரு 'நாளை'யும், 'அடுத்த வார'மும், 'இன்னும் பத்து நாளி'லும் திறக்கும் நாளுக்கு ஏற்ப இடம் பெயர்ந்துகொண்டே இருக்கும்.

மே 22, வியாழக்கிழமை, நான், அவள், தம்பி மூவரும் உட்கார்ந்தோம். ஒன்றரை மணி நேரம். முதலில் நகர்கிற சொற்களையெல்லாம் ஆணி அடித்து நிறுத்தினோம். 'வெள்ளிக்கிழமை' என்பது 'மே 23, வெள்ளி' ஆனது. தேதியும் கிழமையும் இரண்டும் வேண்டும் என்று அவள்தான் சொன்னாள். ஒன்றில் கை தவறினாலும் மற்றது காட்டிக்கொடுத்துவிடும். 'அடுத்த வெள்ளி' என்று ஓரிடத்தில் இருந்தது. அது எந்த வெள்ளி என்று மூவரையும் தனித்தனியாக எழுதச் சொன்னேன். அவள் 30 என்று எழுதினாள், தம்பி 23 என்று எழுதினான். நான் எழுதவில்லை, வெட்கமாக இருந்தது. நானும் 23 என்றே நினைத்துத் திருத்தாமல் விட்டிருந்தேன்.

விடுப்புத் தேதியிலும் ஒரு முடிச்சு இருந்தது. 'ஆறு மாதம் விடுப்பில் இருப்பேன்' என்று எழுதியிருந்தாள். ஜூன் 2-லிருந்து ஆறு மாதம் எண்ணினால் டிசம்பர் 1 வரை விடுப்பு, 2-ஆம் தேதி வருகை. 26 வாரம் எண்ணினால் 182 நாள், நவம்பர் 30 ஞாயிறோடு முடிகிறது, டிசம்பர் 1 திங்கள் வருகை. ஒரு நாள் வித்தியாசம்தான். ஆனால் நவம்பர் மாதச் சம்பளப் பட்டியல் டிசம்பர் 1 அன்றுதான் கையெழுத்தாகும், அதை யார் தயாரிப்பது என்பது அந்த ஒரு நாளில் இருந்தது. 'டிசம்பர் 1 வரை' என்று போட்டிருந்தால் அன்றைக்கு அவள் இருப்பாளா மாட்டாளா என்பதே தெரியாது. நம் 'வரை' அந்த நாளை உள்ளே வைக்கிறதா வெளியே தள்ளுகிறதா என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. 'விடுப்பின் கடைசி நாள் நவம்பர் 30, ஞாயிறு. அலுவலகம் வரும் நாள் டிசம்பர் 1, திங்கள்' என்று இரண்டு வாக்கியமாக உடைத்தோம்.

ஒரே ஒரு சொல்லை விட்டுவைத்தோம். ஒரு கவிதைத் தொகுப்பை 'ஆடி கழிந்ததும் அச்சுக்குக் கொடுக்கலாம்' என்று எழுதியிருந்தாள். ஐயா ஆடியில் புதிதாக எதையும் தொடங்குவதில்லை. தேதி போடுவோமா என்றேன். "ஆடி எப்போது முடியும் என்று தெரியாதவன் அச்சகத்துக்கே போகக் கூடாது" என்றாள். சரிதான், ஆடி எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் ஒரே நாளில்தான் முடிகிறது. ஆனாலும் நான் பின்னால் 'ஆவணி 1 ஞாயிறு, ஆகவே ஆகஸ்ட் 18 திங்கள்' என்று சேர்த்தேன். தம்பி மட்டும் நன்றியோடு பார்த்தான்.

வழக்கமும் வாக்குறுதியும்

பிறகு வினைகளுக்கு வந்தோம். திரும்பத் திரும்ப நடப்பதை எதிர்காலத்தில் விடவே கூடாது என்று முடிவு செய்தேன். 'கூரியர்காரருக்குச் சனிக்கிழமைதோறும் பணம் கொடுக்கிறோம்.' 'பிடித்த டி.டி.எஸ்.ஸை ஒவ்வொரு மாதமும் மறுமாதம் 7-ஆம் தேதிக்குள் கட்டுகிறோம். மே மாதத்துடையதற்குக் கடைசி நாள் ஜூன் 7, சனி.' எல்லாக் காலத்துக்கும் பொதுவானதை நிகழ்காலத்தால் சொல்வது நம் மரபிலேயே உண்டு. 'மலை நிற்கிறது' என்கிறோம், நேற்றும் நின்றது, நாளையும் நிற்கும். கூரியர்காரரும் கிட்டத்தட்ட மலைதான்.

எதிர்மறையில் இன்னொரு பள்ளம். 'ஐயா சனிக்கிழமை காசோலையில் கையெழுத்துப் போடமாட்டார்.' இதைப் படித்தால் வருகிற சனிக்கிழமை ஊரில் இருக்கமாட்டார் போல என்று ஒருவர் நினைக்கலாம். கேட்டால் மறுத்துவிடுவார் என்று இன்னொருவர் பயப்படலாம். அவர் சனிக்கிழமைகளில் பண விஷயம் தொடுவதில்லை, அவ்வளவுதான். 'போடுவதில்லை' என்று மாற்றினோம். 'மாட்டார்' என்பதில் விருப்பமின்மை கொஞ்சம் ஒட்டிக்கொண்டே வரும். 'இல்லை' வெறும் வழக்கத்தைச் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடும்.

தம்பியின் மூன்றாவது கோடு 'காகிதக் கடை பில் பத்து நாளில் வந்துவிடும்' என்பதன் கீழ் இருந்தது. 'வந்துவிடும்' என்பது சென்னையில் நம்பிக்கையைச் சொல்லும் சொல். மழையும் மெட்ரோ ரயிலும் அப்படித்தான் வந்துவிடும் என்று காத்திருந்தோம். இதை எப்படித் திருத்துவது என்று நான் காலத்தை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'வரும்', 'வரலாம்', 'வர வேண்டும்'. தம்பி கேட்டான்: "வராவிட்டால் நான் என்ன செய்ய வேண்டும்?" அவ்வளவுதான் அந்த வரிக்குத் தேவை. 'மே 22 வரை காகிதக் கடை பில் வரவில்லை. ஜூன் 2-க்குள் வராவிட்டால் கடைக்காரரை அழைத்துக் கேட்கவும்.' ஆரூடம் போய் ஒரு வேலை வந்தது. கடைக்காரர் மனதுக்குள் இருப்பதை அவளால் எழுத முடியாது, தம்பி செய்ய வேண்டியதை எழுத முடியும்.

திருத்திய மடலை வெள்ளிக்கிழமை காலையில் அனுப்பினாள். எனக்கு அன்று முழுக்க ஒரே பெருமை.

அனுப்பியிருப்பேன்

மே 28, புதன் மாலை, வழக்கமான பரிசோதனைக்குப் போனவளிடம் ரத்த அழுத்தம் அதிகமாக இருக்கிறது, இனி வீட்டைவிட்டு நகரக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வியாழனும் வெள்ளியும் அவள் வரவில்லை. அந்த இரண்டு நாளைச் சாதாரண விடுப்பாக எழுதிக்கொண்டோம். ஜூன் நடுவில் பெண் குழந்தை பிறந்தது. அலுவலகத்தில் இனிப்பு கொடுத்தோம். தம்பி ஜூன் 6-ஆம் தேதியே டி.டி.எஸ். கட்டிவிட்டு ரசீதை என்னிடம் கொண்டுவந்து காட்டினான், எனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும்.

ஜூலை 11, வெள்ளிக்கிழமை, எங்கள் எழுத்தாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். வயதானவர், பணம் கேட்கக் கூச்சப்படுகிறவர். மற்றதெல்லாம் பேசி, புது நாவலைப் பற்றிப் பேசி, வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு, கடைசியில், "அம்மா, ராயல்டி அனுப்பியிருப்பீர்கள். என் கணக்கில்தான் ஏதோ தெரியவில்லை" என்றார்.

தம்பியைக் கேட்டேன். "அனுப்பியாயிற்றே அக்கா, மடலில் இருக்கிறதே" என்றான். திறந்து காட்டினான். நான் இரண்டு தடவை படித்து, இரண்டு தடவையும் கை வைக்காமல் விட்ட வரி: 'மூன்று எழுத்தாளர்களுக்கும் ராயல்டித் தொகையை விடுப்பில் செல்வதற்குள் அனுப்பியிருப்பேன்.'

ஏன் விட்டேன் என்றால், அது அந்த மடலிலேயே ஆகச் சுத்தமான வாக்கியம். எதிர்காலத்தில் ஒரு புள்ளி, அதற்கு முன் முடிந்துவிடும் ஒரு செயல், இரண்டையும் ஒரே வினையில் அடக்கிய சொல். பென்சில் வைத்திருந்த தம்பிக்கும் அது கண்ணில் படவில்லை. சந்தேகம் வருகிற மாதிரி எழுதப்பட்ட வரிகளைத்தான் நாங்கள் அன்று துரத்திக்கொண்டிருந்தோம்.

அன்று இரவு வீட்டில் அந்த ஒரு சொல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். 'அவர் இந்நேரம் சாப்பிட்டிருப்பார்' என்கிறோம், அது ஊகம். சாப்பிட்டார் என்று தோன்றுகிறது, பார்த்தவர் இல்லை. 'நாளை ஏழு மணிக்கு ரயில் விழுப்புரம் தாண்டியிருக்கும்' என்கிறோம், அது கணக்கு. ரயில் இன்னும் கிளம்பவே இல்லை. 'நீ கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்' என்கிறோம், அதில் கொடுக்கவே இல்லை என்பது நிச்சயம். நடந்திருக்கலாம், நடக்கப்போகிறது, நடக்கவில்லை. மூன்றுக்கும் ஒரே உடுப்பு. அவள் எழுதியபோது அது இரண்டாவது வகை. ஜூலையில் தம்பி படித்தபோது, நாள் கடந்துவிட்டதால் அது முதல் வகையாக மாறி, அவன் தலைக்குள் 'அனுப்பினார்' என்று உட்கார்ந்துவிட்டது. உண்மையில் நடந்தது மூன்றாவது. வெள்ளிக்கிழமை அலுவலகம் வந்திருந்தால் அனுப்பியிருப்பாள்.

அதைவிட மோசம் ஒன்று உண்டு. அந்த வாக்கியம் அவள் மே 30 வரை வேலையில் இருப்பாள் என்பதன் மேல் நின்றது. விடுப்பில் போகிறவர் எழுதும் மடலில், தான் கடைசி நாள்வரை இருப்பேன் என்பதுதான் நம்பத் தகுந்தவற்றிலேயே கடைசி. மகப்பேறு ஆகட்டும், அறுவை சிகிச்சை ஆகட்டும், ஊரில் படுத்திருக்கும் தாயாரைப் பார்க்கப் போவதாகட்டும், நீண்ட விடுப்புகளுக்கான காரணங்கள் எல்லாமே நாம் குறித்த தேதிக்குக் காத்திருக்காதவை. 'கிளம்புவதற்குள் முடித்துவிடுவேன்', 'வெள்ளிக்குள் செய்திருப்பேன்' என்கிற வரிகள் அத்தனையும் ஒரே ஆணியில் தொங்குகின்றன. ஆணி புதன்கிழமை மாலை கழன்றது.

மறுநாள் காலை அவளை அழைத்தேன். குழந்தை அழுதுகொண்டிருந்தது. தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். இரண்டு பேருக்கு மே 27-ஆம் தேதி அனுப்பிவிட்டாளாம். மூன்றாமவர் வங்கிக் கணக்கை மாற்றியிருந்தார். புதிய கணக்கின் காசோலை நகல் வியாழக்கிழமைதான் தபாலில் வரும் என்பதால் அவரை வெள்ளிக்கு வைத்திருந்தாள். நகல் வந்து, அவள் மேசை இழுப்பறையில் உறை பிரிக்காமல் கிடந்தது. நான் குற்றம் சாட்டவில்லை, ஆனால் என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். "அனுப்பியிருப்பேன் என்றுதானே எழுதினேன் அக்கா? அனுப்பினேன் என்று எழுதவில்லையே" என்றாள். அவள் சொன்னது சரி. எனக்குப் பதில் இல்லை.

அந்த வரி எப்படி இருந்திருக்க வேண்டும் என்று இப்போது எழுதிப் பார்க்கிறேன். 'மே 22 நிலவரப்படி மூன்று எழுத்தாளர்களுக்கும் ராயல்டி அனுப்பவில்லை. நான் அனுப்பும்போது ஒவ்வொருவருக்கும் தனியாக, இந்த மடலுக்கு மறுமொழியாகவே, அனுப்பிவிட்டேன் என்று தேதியோடு எழுதுகிறேன். அப்படி ஒரு மறுமொழி இல்லாத பெயருக்குப் பணம் போகவில்லை என்று கொள்ளவும்.' இதில் மெய்ப்புக்காரி பெருமைப்பட ஒன்றும் இல்லை. 'அனுப்பவில்லை' என்று தொடங்கும் வாக்கியத்தை எழுத யாருக்கும் பிடிக்காது. வேலை செய்யாதவர் போலத் தோன்றும். அதனால்தான் எல்லாரும் 'அனுப்பியிருப்பேன்' என்ற திண்ணையில் போய் உட்காருகிறோம். ஆனால் இப்படி எழுதியிருந்தால் புதன்கிழமை மாலை அவள் கிளம்பிய நிமிடத்திலும் மடல் உண்மையாகவே இருந்திருக்கும். இரண்டு மறுமொழிகள் இருந்திருக்கும், மூன்றாவது இருந்திருக்காது. வெறும் இடமே தம்பிக்குத் தகவல் சொல்லியிருக்கும்.

டிசம்பர் 1 அன்று அவள் திரும்பி வந்தாள். இப்போது தம்பி தன் அக்கா கல்யாணத்துக்காக மூன்று வாரம் மதுரைக்குப் போகிறான், ஒப்படைப்பு மடலை எனக்கும் அவளுக்கும் அனுப்பியிருக்கிறான். அதில் எட்டு 'இல்லை' இருக்கிறது. ஐயா படித்துவிட்டு, "ஒரு வேலையும் செய்யவில்லையா இவன்?" என்று கேட்டார்.

அந்த எழுத்தாளருக்கு ஜூலை 14, திங்கள் காலை பதினொரு மணிக்குப் பணம் போனது. பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு நானே அவரை அழைத்தேன். "அனுப்பியாயிற்று ஐயா, இப்போதுதான், என் கண் முன்னால்" என்றேன்.

"அப்படியா அம்மா, சந்தோஷம்" என்றார். "வந்திருக்கும், பார்க்கிறேன்."